குள்ளமான குழந்தைக்கு ஐ.ஜி.எஃப்-1 ரத்தப் பரிசோதனையா, ஹார்மோன் தூண்டல் பரிசோதனையா?

"பையனுக்கு ஐ.ஜி.எஃப்-1 குறைவாக வந்திருக்கிறது. அரைநாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஸ்டிமுலேஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். கட்டாயம் எடுக்கணுமா?" என்பது பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி. "ஸ்டிமுலேஷன் டெஸ்டில் ஃபெயில் ஆகிவிட்டான், நாளையிலிருந்தே வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடணுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. அந்த எண் எந்தக் குழந்தையிடமிருந்து, எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

## இரண்டும் அளப்பது எதை?

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாக விடுகிறது. பெரும்பங்கு இரவில் ஆழ்ந்த தூக்கத்தில் வரும். ரத்தத்துக்கு வந்ததில் பாதி சுமார் 20 நிமிடத்தில் மறைந்துவிடும். அதனால் காலை பத்து மணிக்குக் கையில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருப்பது ஆரோக்கியமான குழந்தைக்கும் இயல்பே. "ராண்டம் குரோத் ஹார்மோன் 0.2" என்று ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோன குடும்பங்கள் ஏராளம். பிறந்த சில நாட்களில் சர்க்கரை தாழ்ந்துபோகும் சிசுக்களைத் தவிர, அந்தப் பரிசோதனைக்குப் பொருளே இல்லை.

இந்தச் சிக்கலைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஹார்மோன் விட்டுச்செல்லும் விளைவை அளப்பது. வளர்ச்சி ஹார்மோனின் ஏவலில் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற புரதத்தைச் செய்கிறது. அது தாங்கிப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் நெடுநேரம் நிற்பதால் காலை, மாலை என்று பெரிதாக மாறாது. இரண்டாவது வழி, ஒரு மருந்தைக் கொடுத்துப் பிட்யூட்டரியை உசுப்பிவிட்டு, அது எவ்வளவு ஹார்மோனைக் கொட்டுகிறது என்று அரைமணிக்கு ஒருமுறை பார்ப்பது. இதுதான் தூண்டல் பரிசோதனை.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்?

ஐந்து அளவுகோல்கள் போதும்: குழந்தைக்கு எவ்வளவு சிரமம், எந்தக் குழந்தையிடம் பரிசோதனை ஏமாறும், "இயல்பு" என்ற விடையை எவ்வளவு நம்பலாம், "குறைவு" என்ற விடையை எவ்வளவு நம்பலாம், தவறான விடை வந்தால் குடும்பம் கொடுக்கும் விலை என்ன.

| அளவுகோல் | ஐ.ஜி.எஃப்-1 | தூண்டல் பரிசோதனை |
|---|---|---|
| சிரமம் | ஒரே குத்து, வெறும் வயிறு தேவையில்லை | வெறும் வயிறு, 2 முதல் 3 மணி நேரம், 5 முதல் 7 மாதிரிகள், கண்காணிப்பு |
| எங்கே ஏமாறும் | ஊட்டக்குறைவு, 5 வயதுக்குள், தைராய்டு குறைவு, கல்லீரல் நோய், தாமதப் பருவம் | உடல் பருமன், பருவம் தொடங்காத பெரிய குழந்தை, தைராய்டு குறைவு |
| "இயல்பு" என்றால் | வரம்பின் மேல் பாதியில் இருந்தால் குறைபாடு மிக அரிது. கீழ் விளிம்பில் இருந்தால் முடிவாகாது | ஒரு மாதிரியாவது எல்லையைத் தாண்டினால் முழுக் குறைபாடு பெரும்பாலும் இல்லை |
| "குறைவு" என்றால் | காரணம் பல. அடுத்த படிக்கான அறிகுறி மட்டும் | இரண்டாவது மருந்தால் உறுதி செய்ய வேண்டும் |
| தவறின் விலை | தேவையில்லாத தூண்டல் பரிசோதனை, அல்லது தாமதம் | ஆண்டுக்கணக்கில் தினசரி ஊசி |

## ஐ.ஜி.எஃப்-1: எண்ணை எப்படிப் படிப்பது

முதலில் பார்க்க வேண்டியது, லேப் எந்த வரம்பை எதிரே அச்சடித்திருக்கிறது என்பது. பிறந்தபின் மெல்ல ஏறி, பருவ வயதில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும் அளவு இது. ஐந்து வயதுக்காரனுக்கும் பதினான்கு வயதுக்காரனுக்கும் இயல்பான எண்கள் பல மடங்கு வேறுபடும். பெரியவர்களுக்கான வரம்பை அச்சடித்து, குழந்தையின் எண்ணுக்குப் பக்கத்தில் தாழ்வுக் குறி போட்ட ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளவே கூடாது. வயது, பாலினம் இரண்டுக்கும் உரிய வரம்போடு, சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலகல் என்றும் கொடுத்திருந்தால் மிக நல்லது. அது மைனஸ் 2-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். பூஜ்யத்துக்கு மேலே, அதாவது சராசரிக்கு மேலே இருந்தால் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்ற சந்தேகத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது எலும்பு வயது. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையனின் எலும்பு ஒன்பது வயதுக்குரியதாக இருந்தால், அவன் உடல் இன்னும் ஒன்பது வயதில்தான் நிற்கிறது. அவன் ஐ.ஜி.எஃப்-1-ஐ ஒன்பது வயதுக்காரனின் வரம்போடும் வைத்துப் பார்க்க வேண்டும். பருவம் தாமதமாகும் பிள்ளைகளிடம் "குறைவு" என்று வரும் விடைகளில் பல இந்த ஒரு திருத்தத்திலேயே இயல்பாகிவிடுகின்றன. ரிப்போர்ட்டில் இந்தத் திருத்தம் இருக்காது. லேபுக்கு எலும்பு வயது தெரியாது.

மூன்றாவது உணவு. ஐ.ஜி.எஃப்-1 பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். சாப்பாடு, குறிப்பாகப் புரதம் குறைந்தால், பிட்யூட்டரி ஹார்மோனைக் கொட்டினாலும் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. உயரத்துக்கேற்ற எடையும் இல்லாத ஒல்லிக் குழந்தையிடம் இந்த எண் தாழ்வாக இருந்தால், முதல் கேள்வி பிட்யூட்டரியைப் பற்றியது அல்ல. வயிறு உப்புகிறதா, மலம் எப்படிப் போகிறது, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா, சிறுநீரகம், தைராய்டு எப்படி என்பவையே முதலில் வர வேண்டியவை. தாங்கிப் புரதமான ஐ.ஜி.எஃப்.பி.பி-3 உணவால் இவ்வளவு ஆட்டம் காண்பதில்லை. மூன்று வயதுக்குள் ஐ.ஜி.எஃப்-1 இயல்பிலேயே மிகக் குறைவு. குறைபாடுள்ள குழந்தையும் இல்லாத குழந்தையும் ஒரே எண்ணில் நிற்பார்கள். ஆகவே சின்னக் குழந்தைகளுக்கு ஐ.ஜி.எஃப்.பி.பி-3-ஐயும் சேர்த்து எடுப்பதில் பயன் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு அது பெரிதாக எதையும் கூட்டித் தராது.

இன்னொன்றும் உண்டு. முடி வளர, உயரம் கூட என்று கொடுக்கப்படும் மாத்திரை, பவுடர்களில் பயோட்டின் அதிகமாக இருக்கலாம். சில லேப் இயந்திரங்களின் அளவீட்டு முறையில் அது குறுக்கிட்டு ஹார்மோன் எண்களைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எந்தப் பொடியும் தருவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

எப்போது இது ஒன்றே போதும்? குழந்தை குள்ளம்தான், ஆனால் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. ஒழுங்காக வளர்கிறது, ஐ.ஜி.எஃப்-1 வரம்பின் நடுவில் அல்லது மேலே நிற்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்தால் போதும். எதிர்முனையிலும் போதும். மூளைக் கட்டி, கதிர்வீச்சு, பிறவியிலேயே பிட்யூட்டரி அமைப்பில் கோளாறு என்று தெளிவான காரணம் இருந்து, வேறு ஒரு பிட்யூட்டரி ஹார்மோனும் குறைந்து, வளர்ச்சியும் நின்றிருந்தால், தூண்டல் பரிசோதனை இல்லாமலே குறைபாடு என்று முடிவு செய்யலாம் என்பதே 2016இல் வந்த அமெரிக்கக் குழந்தை நாளமில்லாச் சுரப்பியல் சங்க வழிகாட்டி.

## தூண்டல் பரிசோதனை: அன்று காலை என்ன நடக்கிறது

நம் ஊரில் அதிகம் பயன்படுவது குளோனிடின், அடுத்து குளுக்ககான். குளோனிடின் ரத்த அழுத்த மாத்திரை. உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 0.15 மி.கி. என்ற கணக்கில் கொடுப்பது வழக்கம். 22 கிலோ, 122 செ.மீ. உள்ள பையனின் பரப்பு சுமார் 0.86 சதுர மீட்டர். அவனுக்கு 130 மைக்ரோகிராம் வரும். 100 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றேகால்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலையில் கையில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டு, அழுகை அடங்க அரைமணி நேரம் படுக்க வைத்துவிட்டுத்தான் முதல் மாதிரியை எடுக்க வேண்டும். பிறகு மாத்திரை, 30, 60, 90, 120 நிமிடங்களில் மாதிரிகள். ஒவ்வொரு குப்பியிலும் நிமிடம் எழுதப்படுகிறதா என்று பெற்றோரே பார்த்துக்கொள்ளலாம். குப்பிகள் இடம் மாறினால் வரைகோட்டையே நம்ப முடியாது. ஒரு மணி நேரத்தில் குழந்தை சொக்கிப்போகும், ரத்த அழுத்தம் இறங்கும். பாத்ரூம் போக எழுந்தால் தலைசுற்றி விழலாம் என்பதால் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மாலைவரை தூக்கம் இருக்கும். அன்று பள்ளியும் டியூஷனும் வேண்டாம்.

குளுக்ககான் ஊசி கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், அதிகபட்சம் 1 மி.கி. இதற்கு மூன்று மணி நேரம் மாதிரி எடுக்க வேண்டும், ஏனெனில் உச்சம் தாமதமாகத்தான் வருகிறது. குமட்டலும் வாந்தியும் சகஜம். சர்க்கரை முதலில் ஏறி, பிறகு இறங்கும். கடைசி மாதிரிக்குப் பிறகு சர்க்கரையைப் பார்த்து, வயிறாரச் சாப்பிட வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இன்சுலின் பரிசோதனை சர்க்கரையை வேண்டுமென்றே தாழ்த்துகிறது. வலிப்பு வந்த குழந்தைக்கும் சின்னக் குழந்தைக்கும் அது கூடாது. மற்றவர்களுக்கும் மருத்துவர் படுக்கையருகிலேயே நிற்கும் இடத்தில் மட்டும்தான்.

படிக்கும் முறை எளிது. எல்லா மாதிரிகளிலும் உயர்ந்த ஒரே எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறோம். முதல் மாதிரியே உயர்வாக இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். அப்போது பின்னால் வரும் மாதிரிகள் தாழ்வாகவே இருக்கும், ஏனெனில் ஒரு துடிப்பு முடிந்த கையோடு பிட்யூட்டரி சற்று நேரம் அடங்கியிருக்கும். அதைப் பார்த்து "மருந்துக்கு எழவில்லை" என்று முடிவு கட்டினால் தவறு.

எல்லை எது என்பதில் குழப்பம் உண்டு. பழைய அளவீட்டு முறைகளின் காலத்தில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்று வைத்தார்கள். இப்போதைய முறைகள் அதே ரத்தத்தில் குறைந்த எண்ணையே காட்டுவதால் பல இடங்களில் 7-க்கு இறக்கிவிட்டார்கள். இன்னும் 10 வைத்திருக்கும் இடங்களும் உண்டு. 8.2 வந்த பிள்ளைக்கு ஒரு மருத்துவமனையில் குறைபாடு, இன்னொன்றில் இயல்பு. ஆகவே எல்லையை ஒட்டிய எண்ணை ஆம், இல்லை என்று பிரிக்காமல் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 3-க்குக் கீழே நிற்கும் எண்ணுக்கும் 8-க்கும் ஒரே பெயர் வைக்கக்கூடாது. சில லேப்கள் லிட்டருக்கு மில்லி யூனிட் என்று கொடுக்கும். அதை மூன்றால் வகுத்தால் நானோகிராம் கணக்கு கிடைக்கும். இதை மறந்தால் 15 என்பது நல்ல எண்ணாகத் தோன்றும், உண்மையில் அது 5.

தூண்டல் பரிசோதனை ஏமாறுவது எதிர்த்திசையில். உடல் பருத்த குழந்தையிடம் பிட்யூட்டரி நன்றாக இருந்தும் உச்சம் மழுங்கியே வரும்; ஐ.ஜி.எஃப்-1 மட்டும் இயல்பாக நிற்கும். அப்படிப்பட்ட குழந்தை இரண்டு பரிசோதனைகளில் தோற்றாலும் ஐ.ஜி.எஃப்-1 நடு வரம்பில் இருந்தால், நாம் ஐ.ஜி.எஃப்-1 பக்கமே நிற்போம். ஒல்லிக் குழந்தையிடம் இது தலைகீழ்: உச்சம் 20-ஐத் தாண்டும், ஐ.ஜி.எஃப்-1 தாழ்ந்து கிடக்கும். அங்கே பிட்யூட்டரிக்குக் குறையில்லை, தட்டில்தான் குறை, அல்லது குடலில். நன்றாகச் சாப்பிடும் குழந்தையிடமும் இதே ஜோடி வந்தால், ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத லாரான் நோய்க்குறி போன்ற அரிய நிலைகளைத் தேட வேண்டும்.

## பருவத்துக்கு முன்பு நடக்கும் பெரிய தவறு

தூண்டல் பரிசோதனையில் அதிகப் பிள்ளைகளைத் தவறாக "ஃபெயில்" ஆக்குவது, பருவம் தொடங்க வேண்டிய வயதில் இன்னும் தொடங்காமல் இருப்பது. பாலின ஹார்மோன்கள் வரத் தொடங்கினால்தான் பிட்யூட்டரி முழு வேகத்தில் பதில் சொல்கிறது. அதற்கு முன் ஆரோக்கியமான பிள்ளையும் சோம்பலாகவே பதில் தருவான். 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இயல்பான உயரமுள்ள பருவமெய்தாத குழந்தைகளில் 61 சதவீதத்தினர் மூன்று வகைத் தூண்டல்களில் ஒன்றில்கூட 7-ஐத் தாண்டவில்லை. ஈஸ்ட்ரோஜன் கொடுத்துச் செய்தபோது நிலைமை தலைகீழாக மாறியது.

இதற்குத்தான் முன்தயாரிப்பு, மருத்துவர்கள் வாயில் பிரைமிங். பருவம் தொடங்காத 10 வயது தாண்டிய பெண் பிள்ளைக்கும் 11 தாண்டிய ஆண் பிள்ளைக்கும், பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மாலைகளில் 2 மி.கி. ஈஸ்ட்ரடயால் மாத்திரை, எடை 20 கிலோவுக்குக் கீழ் என்றால் 1 மி.கி. பையன்களுக்கு மாற்றாக, ஒரு வாரம் முன்பு 50 முதல் 100 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் டெப்போ ஊசி ஒன்று. எல்லா மையங்களும் இதைச் செய்வதில்லை. மகனுக்கோ மகளுக்கோ இந்த வயது என்றால், பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதே "பிரைமிங் உண்டா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. பையனுக்கு 11 வயது 4 மாதம். உயரம் 122 செ.மீ., எடை 22 கிலோ. ஒல்லிதான், ஊட்டக்குறைவு என்று சொல்ல முடியாது. கடந்த ஓராண்டில் 4 செ.மீ. வளர்ந்தான். அப்பா 164, அம்மா 152. இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13 சேர்த்து, பாதியாக்கினால் 164.5 செ.மீ.; அதுதான் இந்தக் குடும்பத்தில் எதிர்பார்க்கும் உயரம். விரை அளவு 3 மி.லி.; பருவம் தொடங்கியது என்று சொல்ல 4 வேண்டும். எலும்பு வயது எட்டரை. தைராய்டு, சீலியாக், சிறுநீரகம் எல்லாம் இயல்பு.

ஐ.ஜி.எஃப்-1 96 வந்தது. லேப் அச்சடித்த 11 வயது வரம்பு 110 முதல் 460 என்று வைத்துக்கொள்வோம், தாழ்வுக் குறி. அதே லேபின் 8 வயது வரம்பு 70 முதல் 300 என்றால், எலும்பு வயதுக்கு 96 கீழ்ப்பகுதியில் இருந்தாலும் வரம்புக்குள்ளேதான். வளர்ச்சி வேகமும் குறைவாக இருப்பதால் தூண்டல் பரிசோதனைக்குப் போனது சரியே. முன்தயாரிப்பு இல்லாமல் குளோனிடின் கொடுத்தார்கள்: 0.4, 1.9, 5.8, 6.2, 3.1. உச்சம் 6.2. அடுத்து குளுக்ககான், உச்சம் 5.1. இரண்டிலும் தோல்வி, "வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு" என்று ரிப்போர்ட். விதிப்படி பார்த்தால் ஊசி தொடங்க வேண்டியதுதான்.

ஆனால் 11 வயது தாண்டியவன், பருவம் தொடங்காதவன், எலும்பு மூன்றாண்டு பின்தங்கியவன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஒன்று போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி குளோனிடின்: 0.6, 4.8, 12.9, 9.7, 4.0. உச்சம் 12.9. பிட்யூட்டரிக்குக் குறையில்லை, இவனுக்குப் பருவம் தாமதமாக வரும், அவ்வளவுதான். ஓராண்டில் 4 செ.மீ. என்ற வேகக்குறைவும் பருவத்துக்குச் சற்று முன் இப்படிப்பட்ட பையன்களிடம் வரும் சரிவே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் விரை அளவும் பார்த்தால் போதும். 14 வயதிலும் தொடங்கவில்லை என்றால் பருவத் தாமதத்துக்குத் தனியே பார்க்க வேண்டும்.

பிரைமிங் இல்லாத அந்த இரண்டு ரிப்போர்ட்டுகளை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வளர்ச்சி ஹார்மோன் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 35 மைக்ரோகிராம். இவனுக்குத் தினமும் அரை மி.கி.க்கு மேல், எடை ஏற ஏற அளவும் ஏறும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய விலையுயர்ந்த மருந்து, தினம் இரவு ஒரு குத்து, பல ஆண்டுகளுக்கு. தூண்டல் பரிசோதனையின் மறைவான செலவு இதுதான். அரைநாள் அறை வாடகையும் ஆறு மாதிரிக்கான கட்டணமும் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. குழந்தைப் பருவத்தில் குறைபாடு என்று சிகிச்சை பெற்று, வளர்ச்சி முடிந்தபின் மறுபடி சோதித்தவர்களில் கணிசமானோர் இயல்பாக வருவதற்கு இத்தகைய தவறான தொடக்கங்களும் ஒரு காரணம்.

எப்போது தூண்டல் பரிசோதனையே சரி? ஓராண்டாவது கவனமாக அளந்த உயரத்தில் வேகம் குறைந்திருக்கிறது, எடை நன்றாக இருக்கிறது, தைராய்டு இயல்பு, எலும்பு வயதுக்குத் திருத்திய பிறகும் ஐ.ஜி.எஃப்-1 தாழ்வு அல்லது கீழ் விளிம்பு. இந்தக் குழந்தைக்கு அரைநாளும் ஆறு மாதிரியும் செலவழிப்பது தகும். தைராய்டு குறைவு தெரிந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகுதான், ஏனெனில் அது இரண்டு பரிசோதனைகளையுமே தாழ்த்திக் காட்டும். முதல் மருந்தில் உச்சம் எல்லையைத் தாண்டிவிட்டால் இரண்டாவது தேவையில்லை. தாண்டாவிட்டால் வேறு மருந்தால் இரண்டாவது; அதிலும் தோற்றால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ.

## இரண்டுமே பதில் தராத குழந்தைகள்

உயரம் குறைந்த பெண் குழந்தைக்கு, வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், குரோமோசோம் பரிசோதனை எடுத்துவிட வேண்டும். பெண் குழந்தைக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருக்கும் டர்னர் நோய்க்குறியில் ஐ.ஜி.எஃப்-1, தூண்டல் இரண்டும் இயல்பாக வரலாம். அதைப் பார்த்து "குடும்ப வாகு" என்று அனுப்பிவிட்டால் ஊசிக்கு உகந்த ஆண்டுகள் போய்விடும். டர்னர் உறுதியானால் வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கத் தூண்டல் பரிசோதனையே தேவையில்லை. பிறக்கும்போதே எடையும் நீளமும் குறைந்து, நான்கு வயதாகியும் எட்டிப்பிடிக்காத குழந்தைக்கும் அப்படியே. கை கால்கள் உடலைவிடக் குட்டையாக இருக்கும் குழந்தைக்கு, ரத்தம் எடுப்பதற்கு முன் உட்கார்ந்த உயரத்தையும் இரு கை விரித்த நீளத்தையும் அளந்து பார்த்தால், எலும்பில் இருக்கும் காரணத்தை அந்த டேப்பே காட்டிக்கொடுத்துவிடும்.